மீட்டரில் ஓடுவது எந்தப் பணம்?

போன மாதம் லாஸ் வேகாஸில் ஒரு கேசினோ வாசலருகே நானும் என் நண்பனும் நின்றிருந்தோம். மெகாபக்ஸ் என்ற ஸ்லாட் சூதாட்ட இயந்திர வரிசைக்கு மேலே, ஜாக்பாட் தொகையைக் காட்டும் மீட்டரில் சிவப்பு எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன. அந்த வரிசையில் யாருமே ஆடவில்லை, இருந்தும் எண் நகர்ந்தது. "யாரு போடுறா இதுல?" என்று கேட்டான். ரீனோவில் யாரோ போட்டிருப்பார்கள், இல்லையென்றால் ஏதோ எல்லை ஊரில் ஒரு சின்ன கேசினோவில் போட்டிருப்பார்கள் என்றேன். அப்புறம் இரவு முழுக்க இதே பேச்சுதான். அதில் ஒரு விஷயம் பலருக்கும் தெரியவில்லை என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன். நான் ஓய்வூதியக் கணக்கு பார்க்கும் வேலையில் இருப்பவன். இதுவும் கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான்.

மெகாபக்ஸை 1986-ல் நெவாடாவில் ஐஜிடி என்ற சூதாட்ட இயந்திர நிறுவனம் தொடங்கியது. மாநிலம் முழுக்கப் பல கேசினோக்களில் இருக்கும் இயந்திரங்கள் ஒரே மையக் கணினியோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சுற்றுக்கு மூன்று டாலர். மூன்றையும் போட்டால்தான் ஜாக்பாட்டுக்குத் தகுதி. இரண்டு போட்டுவிட்டு சின்னங்கள் வரிசையாக வந்தாலும் அந்தப் பெரிய தொகை கிடைக்காது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்னப் பங்கு பொதுக் குளத்துக்கு, அதாவது எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவான ஜாக்பாட் தொகைக்குப் போகிறது, அதைத்தான் மீட்டர் காட்டுகிறது. யாராவது வென்றதும் மீட்டர் ஆரம்பத் தொகையான 1 கோடி டாலருக்குத் திரும்பிவிடும். பரிசைக் கொடுப்பது அந்தக் கேசினோ இல்லை, இணைப்பை நடத்தும் நிறுவனம். அதனால்தான் சின்னக் கடையில் விழுந்தாலும் அந்தக் கடை திவாலாவதில்லை.

2003 மார்ச்சில் எக்ஸ்காலிபர் கேசினோவில் ஒரு 25 வயது மென்பொருள் பொறியாளருக்கு விழுந்ததுதான் இதுவரை பெரியது. மீட்டர் காட்டியது 3 கோடியே 97 லட்சம் டாலர். செய்தியில் எல்லோரும் இந்த எண்ணைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்தத் தொகை ஒரே நாளில் தரப்படும் பணம் இல்லை. 25 ஆண்டுகளுக்குப் பிரித்துத் தரும் தவணைகளின் கூட்டல் அது. ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம். மொத்தமாக இப்போதே வேண்டும் என்றால் மீட்டர் எண்ணில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் கிடைக்கும். எதை எடுப்பது என்று முடிவு செய்ய வென்றவருக்கு 60 நாள் அவகாசம் உண்டு.

அந்த 60 சதவீதம் எங்கிருந்து வருகிறது? நண்பனுக்கு ஒரு துண்டுத் தாளில் போட்டுக் காட்டினேன். மீட்டர் 2 கோடியில் நிற்கும்போது விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8 லட்சம் வீதம் 25 தவணை. முதல் 8 லட்சத்தை உடனே கொடுத்தாக வேண்டும், அதில் தள்ளுபடி இல்லை. ஆனால் கடைசி 8 லட்சத்தை 24 ஆண்டு கழித்துத்தான் கொடுக்க வேண்டும். வட்டி நாலரை சதவீதம் என்றால், இன்று 2 லட்சத்து 78 ஆயிரத்தை எடுத்து வைத்தாலே அது அன்றைக்கு 8 லட்சமாக வளர்ந்து நிற்கும். இப்படி எல்லாத் தவணைக்கும் கூட்டினால் சுமார் 1 கோடியே 24 லட்சம் வருகிறது. இவ்வளவு கையில் இருந்தால் 2 கோடி ஜாக்பாட்டைக் கொடுத்து முடித்துவிடலாம். இப்படித் தவணையாகத் தருவதற்குப் பெரும்பாலும் அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களை வாங்கி ஒதுக்கி வைக்கிறார்கள். அதனால் வென்றவரின் பணத்துக்கு ஆபத்து என்று நான் சொல்லவில்லை. அந்தப் பக்கம் நெவாடா விதிகள் கெட்டியாகத்தான் இருக்கின்றன.

நான் சொல்ல வந்தது வேறு. மீட்டர் 30 சென்ட் ஏறினால் அதன் பின்னால் 18 சென்ட் அளவுக்குத்தான் ரொக்கம் தேவைப்படுகிறது. ஆடுகிறவர் பார்ப்பது முழு 30. எண் நம் கண்ணுக்குத் தெரியும் வேகம் ஒன்று, பணம் சேரும் வேகம் இன்னொன்று. வட்டி குறைந்தால் இந்த இடைவெளி சுருங்கும். இரண்டு சதவீத வட்டியில் அதே 2 கோடிக்கு 1 கோடியே 59 லட்சம் தேவை. வட்டி விழுந்தால் தன் ஜாக்பாட் செலவு கூடும் என்று ஐஜிடியே தன் ஆண்டறிக்கைகளில் முதலீட்டாளர்களுக்கு எழுதியிருக்கிறது. முதலீட்டாளருக்கு விளக்கமாகச் சொல்வதை, இயந்திரத்தின் முன் உட்காருகிற ஆளுக்குச் சின்ன எழுத்தில் போட்டால் போதுமா?

என் நண்பன் அதோடு விடவில்லை. "இவ்வளவு ஏறிடுச்சுன்னா சீக்கிரம் விழணும்லடா?" என்றான். இல்லை. மெகாபக்ஸில் வாய்ப்பு சுமார் 5 கோடியில் ஒன்று. மீட்டர் 1 கோடியில் இருந்தாலும் 3 கோடியில் இருந்தாலும் அடுத்த சுற்றுக்கு அதே வாய்ப்புதான். முன்னால் போட்டவர்கள் தோற்றது இயந்திரத்துக்கு நினைவில் இருக்காது. 2 கோடியில் நிற்கும்போது மூன்று டாலர் போட்டால், ஜாக்பாட் பங்காகச் சராசரியில் நமக்குத் திரும்புவது 40 சென்ட். ரொக்கக் கணக்கில் பார்த்தால் 25 சென்ட்.

இன்னொன்றும் கேட்டான், திரையில் விழுந்தால் உடனே உறுதியா என்று. பெரிய தொகை விழுந்ததும் இயந்திரம் அப்படியே நின்றுவிடும். ஆட்கள் வந்து உள்ளே இருக்கும் மென்பொருள் அங்கீகரிக்கப்பட்டதுதானா, மையக் கணினியும் அதே வெற்றியைப் பதிவு செய்திருக்கிறதா என்று சரிபார்த்த பிறகுதான் பரிசு. 2011-ல் அயோவாவில் ஒரு பாட்டிக்குத் திரையில் சுமார் 4 கோடியே 18 லட்சம் டாலர் போனஸ் என்று வந்தது. அந்த இயந்திரம் எந்தக் குளத்தோடும் இணைக்கப்படாதது, அதன் உச்ச பரிசே 10 ஆயிரம்தான். 2015-ல் மாநில உச்ச நீதிமன்றம் கேசினோ பக்கம் தீர்ப்பளித்தது. அவருக்குக் கிடைத்தது 1 டாலர் 85 சென்ட். அதனால் எந்த இயந்திரத்திலும் முதலில் அதன் விதிப் பலகையைப் பாருங்கள் என்பேன்.

இணையத்தில் இதே மாதிரிக் குளங்கள் உண்டு. மெகா மூலா என்ற இணைய ஸ்லாட் விளையாட்டு 2006-ல் வந்தது. வெவ்வேறு பெயரில் இருக்கும் ஏராளமான தளங்கள் ஒரே குளத்துக்குப் பங்கு அனுப்புகின்றன. 2015 அக்டோபர் 6-ல் பிரிட்டனில் ஒரு படைவீரர் 25 பென்ஸ் போட்டு 1 கோடியே 32 லட்சம் பவுண்டு வென்றார். அது தவணை இல்லை, மொத்தமாகக் கொடுக்கும் பணம். ஆக அங்கே மீட்டரில் தெரிவது ரொக்கம், மெகாபக்ஸில் தெரிவது தவணைகளின் கூட்டல். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி ஓடும் எண்கள். இணையத்தில் ஒரு சிக்கல் மட்டும் உண்டு. வேறு யாரோ வென்ற செய்தி உங்கள் திரைக்கு வந்து சேரும் முன் நீங்களும் வென்றால், திரையில் பார்த்த பெரிய எண் உங்களுக்கு இல்லை. புதிதாகத் தொடங்கிய மீட்டரில் இருப்பதுதான்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பவர்பால் லாட்டரி தன் ஜாக்பாட்டை அறிவிக்கும்போது பக்கத்திலேயே ரொக்க மதிப்பையும் போடுகிறது. மெகாபக்ஸ் மீட்டருக்குக் கீழேயும் அதே அளவு எழுத்தில், இன்றைக்குக் கையில் கிடைக்கும் தொகை ஓடட்டும். அந்தக் கணினிக்கு இது ஒரு பெருக்கல் மட்டும்தான்.

கிளம்பும்போது நண்பன் அந்தத் துண்டுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். காரில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டே, "அப்போ 3 கோடியே 97 லட்சம்னு சொன்னியே, அந்தப் பையன் கைக்கு எவ்வளவு வந்திருக்கும்?" என்று கேட்டான். மொத்தமாக எடுத்திருந்தால் வரிக்கு முன்னால் 2 கோடியே 40 லட்சம் போல வந்திருக்கும் என்றேன்.