மேனேஜ்மென்ட் மறுத்த ஃபைண்டிங்: இன்டர்வியூவில் என்ன பதில் சொல்வது?

இன்டர்னல் ஆடிட்டர் வேலைக்கு ஆள் எடுக்கும் பேனலில் உட்காரும்போதெல்லாம் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நீங்கள் எழுதிய ஃபைண்டிங்கை மேனேஜ்மென்ட் கடுமையாக மறுத்திருக்கிறதா? அப்போது என்ன செய்தீர்கள்?"

பெரும்பாலும் வரும் பதில், "ஆதாரத்தைக் காட்டிப் பொறுமையாக விளக்கினேன் சார், கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்" என்பதுதான். கொஞ்சம் துணிச்சலானவர்கள், "ஆடிட் கமிட்டி வரைக்கும் கொண்டுபோனேன்" என்பார்கள். இரண்டையும் கேட்டு நான் ஏமாந்துதான் போகிறேன். யார் ஜெயித்தார்கள் என்பது எனக்குத் தேவையில்லை. அவர்கள் என்ன சொல்லி மறுத்தார்கள், அதில் எவ்வளவு சரி, அதை எப்படிச் சோதித்தீர்கள், சோதித்த பிறகு உங்கள் ஃபைண்டிங் எப்படி மாறியது என்பதைத்தான் கேட்க நினைக்கிறேன். மேனேஜ்மென்ட் சொன்னது முழுக்கத் தப்பு, ஆடிட்டர் எழுதியது முழுக்கச் சரி என்று முடிகிற கதை எனக்குச் சந்தேகத்தைத்தான் கொடுக்கும்.

அதனால் நான் மார்க் போடக்கூடிய பதில் எப்படி இருக்கும் என்று ஒரு கேஸ் வைத்தே எழுதுகிறேன். நிறுவனமும் எண்களும் கற்பனை. ஆனால் இந்தச் சண்டை வருஷா வருஷம் மார்ச் கடைசியில் எங்கேயோ நடந்துகொண்டுதான் இருக்கிறது.

பம்ப் தயாரிக்கும் ஒரு லிஸ்டட் நிறுவனம். வருட விற்பனை 420 கோடி ரூபாய். மார்ச் 31 மாலை குடோனில் ஸ்டாக் எண்ணும்போது, கணக்கில் இருப்பதைவிட பம்புகள் அதிகமாக இருக்கின்றன. குறைந்தால் திருட்டு என்று எல்லோரும் பதறுவார்கள். அதிகமாக இருந்தால் "எண்ணியதில் தப்பு இருக்கும்" என்று கடந்துவிடுவார்கள். ஆடிட்டர் இங்கேதான் நிற்க வேண்டும். இன்வாய்ஸ் போட்டதும் கணக்கிலிருந்து சரக்கு கழிந்துவிடும். சரக்கு வெளியே போகாவிட்டால் குடோனில் மிச்சமாகத் தெரியும். இன்வாய்ஸ் தேதியை கேட் அவுட்வேர்டு ரிஜிஸ்டரோடும் இ-வே பில்லோடும் ஒப்பிட்டால் விஷயம் வெளியே வருகிறது. மார்ச் 30, 31 தேதிகளில் போட்ட 23 இன்வாய்ஸ்கள், மொத்தம் 3.8 கோடி. சரக்கு லாரி ஏறியது ஏப்ரல் முதல் வாரத்தில்.

ஏப்ரலில் போன சரக்கை மார்ச் விற்பனையாகக் காட்டியிருக்கிறார்கள் என்று ஃபைண்டிங் எழுதியாயிற்று. சி.எஃப்.ஓ. கொதிக்கிறார். இனி பதிலை விண்ணப்பதாரர் குரலிலேயே கேட்போம்.

"சி.எஃப்.ஓ. மூன்று விஷயம் சொன்னார். வாடிக்கையாளர்கள் கேட்டதால்தான் சரக்கை எங்கள் குடோனில் வைத்திருந்தோம், இது பில் அண்ட் ஹோல்டு, இண்ட் ஏஎஸ் 115 கணக்கியல் தரநிலை இதை அனுமதிக்கிறது என்றார். 420 கோடி விற்பனையில் 3.8 கோடி ஒரு தொகையே இல்லை என்றார். ரிப்போர்ட்டில் டார்கெட்டை எட்டுவதற்காகச் செய்தது என்று நான் எழுதியிருந்ததை அவதூறு என்றார். நான் மூன்றையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டேன். முதலாவது உண்மை என்ன என்பது பற்றியது. இரண்டாவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பற்றியது. மூன்றாவது உள்நோக்கம் பற்றியது. ஒரே மீட்டிங்கில் மூன்றையும் பேசினால் சத்தம்தான் மிஞ்சும்."

இந்த இடத்திலேயே எனக்குப் பாதி திருப்தி வந்துவிடும். மறுப்பு என்று மொத்தமாகச் சொல்லாமல் எதை மறுக்கிறார்கள் என்று பிரிக்கத் தெரிந்திருக்கிறது. நடைமுறையில் பல சி.எஃப்.ஓ.க்கள் உண்மையை மறுப்பதே இல்லை. எவ்வளவு தீவிரம் என்று போட்ட ரேட்டிங்கையும் வாசகத்தையும்தான் மறுக்கிறார்கள். அது புரியாமல் ஆடிட்டர் இன்னும் பத்து இன்வாய்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்.

"முதலாவதில் அவர் சொன்ன விதி சரி. பில் போட்டுச் சரக்கை நாமே வைத்திருந்தாலும் விற்பனையாகக் காட்டலாம். ஆனால் நான்கு நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேற வேண்டும். வாடிக்கையாளர் கேட்டது போல நியாயமான காரணம் இருக்க வேண்டும். இன்னாருடைய சரக்கு என்று தனியாகப் பிரித்து வைத்திருக்க வேண்டும். எந்த நேரமும் அனுப்பத் தயாராக இருக்க வேண்டும். அதை நாம் பயன்படுத்தவோ வேறொருவருக்குக் கொடுக்கவோ முடியாதபடி இருக்க வேண்டும். 23 இன்வாய்ஸையும் இந்த நான்கையும் வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம், தேறுவதை நானே எடுத்துவிடுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். சோதனை தொடங்கும் முன்பே அவரும் இந்த அளவுகோலை ஒத்துக்கொண்டார்."

அந்தக் கடைசி வாக்கியத்தை கவனியுங்கள். முடிவு வந்த பிறகு அளவுகோலைப் பற்றிப் பேசினால் சண்டை முடியவே முடியாது. ரிசல்ட் தெரிவதற்கு முன்பே இரண்டு பேரும் ஒரே அளவுகோலுக்குத் தலையாட்டியிருந்தால், பிறகு மிச்சமிருப்பது வெறும் சரிபார்ப்பு.

"ஒரு வாடிக்கையாளருக்குப் போட்ட 6 இன்வாய்ஸ், 1.1 கோடி, தேறியது. அவர்களுடைய சைட் தயாராகவில்லை, சரக்கை வைத்திருங்கள் என்று மார்ச் 18-லேயே மெயில் வந்திருந்தது. பம்புகள் பேக் ஆகி, அவர்கள் பெயர் ஒட்டி, தனி இடத்தில் இருந்தன. ஸ்டாக் எண்ணியபோது எடுத்த படத்திலேயே அது தெரிந்தது. அந்த ஆறையும் ஃபைண்டிங்கிலிருந்து எடுத்துவிட்டேன்.

அடுத்த 4 இன்வாய்ஸில், 60 லட்சம், பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொரு பம்புக்கும் சீரியல் எண் உண்டு. இன்வாய்ஸில் இருந்த எண்களை டெஸ்ட் பெஞ்ச் ரிஜிஸ்டரில் தேடினேன். அந்த பம்புகள் டெஸ்ட் ஆனதே ஏப்ரல் 2-ஆம் தேதி. மார்ச் 31 அன்று அவை முடிந்த சரக்கே இல்லை. இதை சி.எஃப்.ஓ. அங்கேயே ஒத்துக்கொண்டார். அவருக்கே அது தெரிந்திருக்கவில்லை.

மீதி 13 இன்வாய்ஸ், 2.1 கோடி. இவற்றுக்கும் வாடிக்கையாளர் மெயில் காட்டினார்கள். எல்லா மெயிலும் ஏப்ரல் 8-க்குப் பிறகு வந்தவை, அதாவது நான் கேள்வி கேட்ட பிறகு. பம்புகள் பொது ஸ்டாக்கோடு கலந்து கிடந்தன. அதில் ஒரு லாட் ஏப்ரல் 3-ஆம் தேதி வேறொரு வாடிக்கையாளருக்குப் போயிருந்தது. நான்காவது நிபந்தனை அங்கேயே உடைந்துவிட்டது. சி.எஃப்.ஓ. இதை ஒத்துக்கொள்ளவில்லை. வாய்மொழியாகக் கேட்டார்கள், மெயில் பிறகு வாங்கினோம் என்றார்."

ஃபைண்டிங் 3.8 கோடியிலிருந்து 2.7 கோடியாகக் குறைந்திருக்கிறது. இதைச் சொல்ல விண்ணப்பதாரர்கள் ஏனோ கூச்சப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பதிலிலேயே மதிப்புள்ள பகுதி இதுதான். 1.1 கோடியை எடுத்த ஆடிட்டர் மீதி 2.7 கோடியில் உறுதியாக நிற்கும்போது ஆடிட் கமிட்டி நிமிர்ந்து உட்காரும்.

"தொகை சின்னது என்ற வாதத்துக்கு வருகிறேன். 2.7 கோடி என்பது விற்பனையில் ஒரு சதவீதம்கூட இல்லை, உண்மைதான். ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்கு மார்ஜின், அதாவது 90 லட்சம். வரிக்கு முந்தைய லாபம் 18 கோடி என்பதால் அது 5 சதவீதம். அதைவிட முக்கியம், கடைசி காலாண்டு டார்கெட் 110 கோடி, காட்டியது 111.5 கோடி. 2.7 கோடியைக் கழித்தால் 108.8. விற்பனைக் குழுவின் இன்சென்டிவ் இந்தக் கோட்டில்தான் தொங்குகிறது. அதனால் ரேட்டிங்கைக் குறைக்கவில்லை.

உள்நோக்கம் பற்றிய வரியை எடுத்துவிட்டேன். யாரோ சொல்லிச் செய்தார்கள் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அதற்குப் பதிலாக, ஆதாரம் உள்ள இரண்டு காரணங்களை எழுதினேன். கேட் பதிவு இல்லாமலே இன்வாய்ஸ் போட சிஸ்டம் அனுமதிக்கிறது. இன்சென்டிவ் இன்வாய்ஸ் தேதியை வைத்துக் கணக்கிடப்படுகிறது."

சரி, 2.1 கோடி இன்னும் இழுபறியில் இருக்கிறது. இங்கே "சமரசம் செய்துகொண்டோம்" என்று சொன்னால் போச்சு. பாதித் தொகையை ஒத்துக்கொள்ள வைத்து முடிப்பதற்கு இது நிலத் தகராறு இல்லை.

"இருவரும் ஒத்துப்போகாத பகுதியை ரிப்போர்ட்டில் அப்படியே வைத்தோம். என் தரப்பு ஆதாரத்தோடு. சி.எஃப்.ஓ.வின் பதில் அவர் எழுதிக்கொடுத்த வார்த்தையிலேயே, சுருக்காமல். அதற்கு முன் எங்கள் ஆடிட் தலைவர் எம்.டி.யிடம் பேசினார். ஆண்டு முடிவுகளை போர்டு அங்கீகரிப்பதற்கு முன்பே விஷயம் ஆடிட் கமிட்டிக்குப் போனது. கமிட்டி ஸ்டாட்யூட்டரி ஆடிட்டரின் கருத்தைக் கேட்டது. அவர்களும் 13-ஐயும் விற்பனையாக ஏற்கவில்லை. நிறுவனம் திருத்திக்கொண்டது. ஆனால் கமிட்டி வேறு மாதிரி முடிவெடுத்திருந்தாலும் என் வேலை அதே இடத்தில்தான் முடிந்திருக்கும்."

இந்த வரிசை தற்செயல் இல்லை. 2025 ஜனவரி 9 முதல் நடைமுறையில் இருக்கும் உலகளாவிய இன்டர்னல் ஆடிட் தரநிலைகள், கருத்து வேறுபாடு வந்தால் இரு தரப்பும் தங்கள் நிலையையும் காரணத்தையும் சொல்ல ஏற்கெனவே வகுத்த ஒரு முறை இருக்க வேண்டும் என்கின்றன. அதுபோல, மேனேஜ்மென்ட் ஏற்றுக்கொண்ட ஒரு ரிஸ்க் நிறுவனம் தாங்கும் அளவைத் தாண்டியது என்று ஆடிட் தலைவர் நினைத்தால் முதலில் மேல்மட்டத்தில் பேசி, தீராவிட்டால் போர்டிடம் சொல்ல வேண்டும். அதைத் தீர்த்துவைப்பது அவர் பொறுப்பு இல்லை. இன்டர்வியூவில் தரநிலை எண்களை ஒப்பிக்க வேண்டாம். நடத்தையில் தெரிந்தால் போதும். நேரமும் முக்கியம்: லிஸ்டட் நிறுவனம் ஆண்டு முடிவுகளை 60 நாட்களுக்குள் வெளியிட வேண்டும். ஜூன் மாதம் வரும் பிரமாதமான ரிப்போர்ட்டால் மார்ச் கணக்குக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

முழுப் பதிலும் மூன்று நான்கு நிமிடத்துக்குள் சொல்லக்கூடியதுதான். பழைய கம்பெனியின் பெயரையோ வாடிக்கையாளர் பெயரையோ உண்மைத் தொகையையோ உளறிவிடாதீர்கள். எங்களிடம் அதைச் சொல்பவர் நாளை எங்கள் கணக்கை எங்கே சொல்வார் என்றுதான் யோசிப்போம். அனுபவம் இல்லாதவர்கள் பெரிய கேஸைக் கற்பனை செய்ய வேண்டாம். ஆர்ட்டிகிள்ஷிப்பில் ஒரு ஸ்டோர் கீப்பர் உங்கள் எண்ணிக்கையை மறுத்தது போதும். இரண்டாவது கேள்வியிலேயே கற்பனைக் கதைகள் கிழிந்துவிடும்.

அந்த இரண்டாவது கேள்வி, என்னுடைய பேனலில், பெரும்பாலும் இதுதான்: "திருத்திவிட்டார்கள், சரி. அடுத்து என்ன பார்த்தீர்கள்?" நல்ல பதில் சொல்பவர் ஏப்ரல், மே மாதங்களின் கிரெடிட் நோட்டுகளையும் சரக்குத் திரும்பி வந்த கணக்கையும் பார்த்தேன் என்பார். சிஸ்டத்தில் கேட் பதிவுக்கு முன் இன்வாய்ஸ் போட முயன்று, அது தடுக்கிறதா என்று தானே சோதித்ததாகச் சொல்வார். அப்புறம் ஜூன் 30 மாலை மறுபடியும் குடோனில் போய் நின்றேன் என்பார்.