மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியவள் அவள் இல்லை

பயிற்சி ஆசிரியை ஒருத்தி தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த பள்ளி வகுப்பில் ஒரு பிள்ளையின் விரல் கதவிடுக்கில் நசுங்கிவிட்டது. மூன்று நாளாக இதைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று இரவு அந்தப் பயிற்சி ஆசிரியை எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதத்தின் படம் எனக்கும் வந்து சேர்ந்தது. 'என் கவனக்குறைவால்' என்று தொடங்குகிறது. அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அந்தப் பிள்ளைக்குக் காயம் ஆறி வருகிறது என்றார்கள், நிம்மதி. நான் கேட்பது ஒன்றுதான். 42 பிள்ளைகள் இருக்கிற வகுப்பில், பயிற்சிக்கு வந்து மூன்றாவது வாரமே ஆன ஒரு பெண் ஏன் தனியாக இருந்தாள்?

வகுப்பில் இருந்தது அவள்தானே என்கிறது பள்ளி. பள்ளிக்குள் நடப்பதற்குப் பள்ளிதான் பொறுப்பு என்கிறது அவளைப் பயிற்சிக்கு அனுப்பிய கல்லூரி. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் ஒன்று இருக்கிறதே, அதை யாராவது எடுத்துப் பார்த்தீர்களா? நான் கேட்டு வாங்கிப் படித்தேன். மொத்தம் இரண்டரைப் பக்கம். அதில் ஒன்றரைப் பக்கம் பயிற்சி மாணவர்கள் எப்படி உடுத்த வேண்டும், எத்தனை மணிக்கு வர வேண்டும், விடுப்புக்கு யாரிடம் கேட்க வேண்டும் என்பதற்கே போய்விட்டது. பள்ளியின் கடமைக்கு ஒரே வரி: 'தேவையான வழிகாட்டுதலைப் பள்ளி வழங்கும்.' எது தேவை, யார் வழங்குவார், வாரத்துக்கு எத்தனை முறை என்று ஒன்றும் இல்லை. அதற்கு அடுத்த வரி: 'பள்ளியின் தேவைக்கேற்பப் பிற பணிகளிலும் பயிற்சி ஆசிரியர்கள் ஒத்துழைக்க வேண்டும்.'

அந்தப் 'பிற பணிகள்'தான் அவளை அந்த வகுப்புக்கு அனுப்பியது. ஒரு ஆசிரியர் அன்றைக்கு வரவில்லை. பீரியடைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஸ்டாஃப் ரூம் மூலையில் லெசன் பிளான் எழுதிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, "நீ போம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அது அவள் பாடமும் இல்லை, அவளுடைய வழிகாட்டி ஆசிரியரின் வகுப்பும் இல்லை. அந்த வாரம் அவள் எடுத்த 19 பீரியடில் 11 இப்படி வராதவர்களுக்குப் பதிலாகப் போனவை. அவள் டைரியிலேயே தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள்.

பயிற்சி ஆசிரியை பாடம் நடத்தலாம், நடத்தத்தான் வந்திருக்கிறாள். ஆனால் வகுப்பின் பொறுப்பு அவளுடையது இல்லை. அது அந்த வகுப்புக்குரிய ஆசிரியரிடமே இருக்க வேண்டும். இதைத் தெளிவாக எழுதி வைக்காத ஒப்பந்தம் பயிற்சிக்கான ஒப்பந்தமே இல்லை, சம்பளமில்லாத ஆள் அனுப்புகிற ஏற்பாடு. கோபத்தில் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

"நாங்களும் இப்படித் தனியாக நின்றுதான் கற்றுக்கொண்டோம்" என்று ஒரு மூத்த ஆசிரியர் எழுதியிருந்தார். ஐயா, நானும் நின்றிருக்கிறேன். என் பயிற்சியில் இரண்டாவது வாரம், இதே மாதிரி வேறொருவர் வகுப்பு. மூன்றாவது பெஞ்சில் ஒரு பையனுக்கு வலிப்பு வந்தது. அவனுக்கு ஏற்கெனவே வலிப்பு உண்டு என்பது வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும், எனக்குத் தெரியாது. எந்தப் பிள்ளைக்கு என்ன உடல்நலக் குறை என்று எழுதிய பதிவேடு வகுப்பாசிரியரின் மேசை டிராயருக்குள் பூட்டிக் கிடந்தது. பக்கத்தில் இருந்த சின்னப் பெண் ஒருத்திதான், "மிஸ், ஒருக்களிச்சுப் படுக்க வைங்க" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். அன்று நான் கற்றுக்கொண்டது கற்பித்தல் இல்லை. பல வருடம் வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் மூன்றாவது பெஞ்சைத்தான் முதலில் பார்ப்பேன்.

"அவள் முடியாது என்று சொல்லியிருக்கலாமே" என்கிறார்கள். யாரிடம் சொல்வாள்? அவளுக்கு மதிப்பெண் போடுகிறவர்களும் வருகைச் சான்றில் கையெழுத்துப் போடுகிறவர்களும்தான் அவளை அந்த வகுப்புக்கு அனுப்பினார்கள். அவளால் மறுக்க முடியாது என்பதால்தான் அவளுக்காக அந்தக் காகிதம் மறுக்க வேண்டும். 'பயிற்சி ஆசிரியர் வகுப்பில் இருக்கும் நேரம் முழுவதும், பெயர் குறிப்பிட்ட வழிகாட்டி ஆசிரியரும் அங்கே இருப்பார். அவர் விடுப்பு என்றால் பதிலாக யார் என்பதைத் தலைமையாசிரியர் அன்று காலையே எழுதித் தருவார். வராதவர்களின் வகுப்புக்குப் பயிற்சி ஆசிரியரை அனுப்பக் கூடாது. அனுப்பினால் அவர் கல்லூரி மேற்பார்வையாளரை உடனே அழைக்கலாம், அதற்காக மதிப்பெண்ணில் கை வைக்கக் கூடாது.' நான்கே வரி. இதை எழுத என்ன தடை?

கல்லூரியை மட்டும் விட்டுவிடப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். நானும் மேற்பார்வைக்குப் போகிறவள்தான். அவளுடைய அப்சர்வேஷன் ஷீட்டுகளைப் பார்த்தேன். எட்டுத் தாள், எட்டுக்கும் வேறு வேறு தேதி, ஒரே பேனா, ஒரே குறிப்பு: 'குரல் நன்று. கரும்பலகைப் பயன்பாடு நன்று.' உண்மையாகவே வகுப்பில் உட்கார்ந்து பார்த்தவர் அப்படி எழுத மாட்டார். கடைசி வரிசைப் பிள்ளைகள் 10 நிமிடம் எதுவும் எழுதவில்லை, கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் நீயே சொல்லிவிட்டாய் என்று எழுதுவார். அந்தப் பாடத்துக்கு மட்டுமே பொருந்துகிற ஒரு குறிப்பாவது இருக்கும். அது இல்லை என்றால் யாரும் வந்து பார்க்கவில்லை என்று அர்த்தம். அந்த எட்டுத் தாளிலும் கல்லூரி மேற்பார்வையாளரின் கையெழுத்தும் இருக்கிறது. மூன்று வாரத்தில் அவர் போனது ஒரு நாள், அதுவும் ஹெச்.எம். அறை வரைக்கும்.

இவ்வளவு கறாராக எழுதினால் எந்தப் பள்ளியும் இடம் தராது என்று என் சக ஆசிரியர்களே சொல்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. பள்ளிகள் நமக்கு இலவசமாகத்தான் செய்கின்றன. வழிகாட்டி ஆசிரியருக்குத் தன் வேலையில் ஒரு பீரியட்கூடக் குறைவதில்லை. பாடம் முடிந்ததும் 15 நிமிடம் உட்கார்ந்து பேச அவருக்கு ஏது நேரம்? அதனால் ஒப்பந்தம் கல்லூரியையும் கட்ட வேண்டும்: மேற்பார்வையாளர் எந்தெந்தத் தேதியில் வருவார், வழிகாட்டி ஆசிரியருக்கு மதிப்பிடும் முறையை யார் சொல்லித் தருவார், அவருக்கு வாரத்தில் ஒரு பீரியட் ஒதுக்கும் பள்ளிக்கு நாம் பதிலுக்கு என்ன செய்வோம் என்று எழுதுவோம். அதன் பிறகும் தர மாட்டோம் என்கிற பள்ளிக்கு ஏன் நம் மாணவர்களை அனுப்ப வேண்டும்? அவர்களுக்கு வேண்டியது பயிற்சி ஆசிரியர்கள் இல்லை, லீவு போட்டவர்களுக்கு ஆள்.

இன்னொருவர், "நீங்கள் உங்கள் மாணவிக்காகப் பரிந்து பேசுகிறீர்கள்" என்று எழுதியிருக்கிறார். அவள் என் மாணவி இல்லை. ஒரே ஒரு முறை போனில் பேசினேன். "மேடம், அந்தப் பிள்ளை கை எப்படி இருக்குன்னு கேக்கப் போகலாமா, போனா தப்பா எடுத்துப்பாங்களா?" என்றுதான் கேட்டாள். தன் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது அவள் அங்கே முடித்த 13 நாள் பயிற்சியும் கணக்கில் வராது என்று சொல்லியிருக்கிறார்களாம். எந்த விதிப்படி? அந்த இரண்டரைப் பக்கத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. இரண்டு முறை தேடிப் பார்த்துவிட்டேன்.