#N/A-வை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பும் புண்ணியவான்களுக்கு

மாசக் கடைசி, சாயங்காலம் ஆறரை மணி. பையைத் தோளில் மாட்டியாகிவிட்டது. அப்போது பார்த்து வருகிறது மெசேஜ்: "அண்ணே, விலுக்கப் வேலை செய்யல." விலுக்கப் என்பது VLOOKUP, ஒரு பொருளின் குறியீட்டைப் பட்டியலில் தேடி அதன் விலையைக் கொண்டு வரும் எக்செல் ஃபார்முலா. கூடவே ஒரு போட்டோ. ஸ்கிரீன்ஷாட் என்று தப்புக்கணக்குப் போடாதீர்கள். மானிட்டர் முன்னால் நின்று போனில் எடுத்த போட்டோ. கோடு கோடாக அலையடிக்கிறது, ட்யூப்லைட் வெளிச்சம் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, ஓரத்தில் தம்பியின் கட்டைவிரல். படத்தின் மத்தியில், கோயில் மூலவர் மாதிரி, இரண்டே இரண்டு செல். இரண்டிலும் `#N/A`.

அவ்வளவுதான். ஃபார்முலா பார் இல்லை, வரிசை எண் இல்லை. எந்த ஷீட்டில் தேடுகிறான், எதைத் தேடுகிறான், ஒன்றும் தெரியாது. இதைப் பார்த்து நான் ஞானதிருஷ்டியில் சொல்ல வேண்டும்.

"ஃபார்முலா என்ன போட்டிருக்க தம்பி?" என்று கேட்டேன்.

"ஃபார்முலா சரியாத்தாண்ணே இருக்கு."

சரியாக இருந்தால் எனக்கு ஏன்பா அனுப்புகிறாய்? பிரேம் போட்டு மாட்டவா? திரும்பக் கேட்டேன். "விலுக்கப் ஏ டூ, ரேஞ்ச், மூணு, ஃபால்ஸ்" என்று வாயால் சொல்வது போலவே டைப் அடித்து அனுப்பினான். அதில் 'ரேஞ்ச்' என்று ஒரு வார்த்தையில் தாண்டிப் போனானே, மொத்த வியாதியும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதை மட்டும் கவனமாக விட்டுவிட்டான்.

இந்த `#N/A` என்ன சொல்கிறது? 'நீ கேட்டது நீ காட்டிய இடத்தில் இல்லை.' அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாது. நீ காட்டிய இடம் தப்பா, நீ கேட்ட பொருள் தப்பா என்று அதைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. `#REF!` வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மூன்று நெடுவரிசை உள்ள ரேஞ்சைக் கொடுத்துவிட்டு நாலாவதைக் கொண்டு வா என்று கேட்டிருப்பார்கள், ஃபார்முலாவைப் பார்த்ததும் தெரிந்துவிடும். `#N/A` அப்படி இல்லை. அதற்கு ரேஞ்சும் வேண்டும், ரேஞ்சுக்குள் இருக்கும் மதிப்பும் வேண்டும். ஒன்றைக் காட்டி ஒன்றை மறைத்தால் பாதி நோய்தான் தெரியும்.

கெஞ்சிக் கூத்தாடியதில் கடைசியாக ஃபார்முலா பாரைப் படம் பிடித்து அனுப்பினான், கட்டைவிரல் இல்லாமல். ஆறாவது வரிசையில் இருந்தது இது:

```
=VLOOKUP(A6,Rate!A6:C64,3,FALSE)
```

பார்த்ததும் எனக்குப் புரிந்தது. உங்களில் பாதிப் பேருக்கும் புரிந்திருக்கும். விலைப்பட்டியல் எந்த ஊரிலாவது ஆறாவது வரிசையில் ஆரம்பிக்குமா? "Rate ஷீட்ல முதல் ஐட்டம் எத்தனாவது வரிசைப்பா?" "ரெண்டுண்ணே." ஆக, முதல் செல்லில் `Rate!A2:C60` என்று ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறான். அப்புறம் மூலையைப் பிடித்து இழுத்திருக்கிறான். `A2` என்பது `A3`, `A4` என்று இறங்கும்போது கூடவே ரேஞ்சும் இறங்கிவிட்டது. ஆறாவது வரிசைக்கு வருவதற்குள் விலைப்பட்டியலின் முதல் நாலு பொருளும் ரேஞ்சுக்கு வெளியே நிற்கின்றன. அந்த வரிசையில் இவன் தேடும் குறியீடு 1003. அது இருப்பது Rate ஷீட்டில் நாலாவது வரிசை. எப்படிக் கிடைக்கும்?

இதில் கொடுமை என்னவென்றால், மேலே இருக்கிற நாலும் வேலை செய்தன. 1005, 1002, 1019, 1008 எல்லாவற்றுக்கும் விலை வந்துவிட்டது. 1002 மயிரிழையில் தப்பித்தது. அது மூன்றாவது வரிசையில் இருக்கிறது, ரேஞ்சும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. "மேல எல்லாம் வருதேண்ணே, அப்ப ஃபார்முலா சரிதானே?" என்று தம்பி வாதாடுகிறான். மேலே வந்து கீழே வராமல் போனாலே முதலில் சந்தேகப்பட வேண்டியது டாலர் குறியைத்தான். முதல் செல்லில் ரேஞ்சை முழுதாகத் தேர்ந்தெடுத்து F4-ஐ ஒரு தட்டு தட்டினால் டாலர் குறி விழுந்து ரேஞ்ச் நகராமல் நின்றுவிடும். அப்புறம் மறுபடி இழுத்தால் ஆறாவது வரிசையில் இப்படி இருக்கும்:

```
=VLOOKUP(A6,Rate!$A$2:$C$60,3,FALSE)
```

சொன்னேன். செய்தான். ஆறாவது வரிசைக்கு விலை வந்துவிட்டது. நானும் பையை மறுபடி மாட்டினேன்.

"அண்ணே, ஏழாவது இன்னும் அப்படியேதான் இருக்கு."

இப்போதுதான் உண்மையான நரகம் தொடங்குகிறது. ஏழாவது வரிசையில் தேடுவது 1012. "Rate ஷீட்ல 1012 இருக்கா?" "இருக்குண்ணே, கண்ணால பாக்குறேன்." இந்தக் 'கண்ணால பாக்குறேன்' என்ற வாக்கியத்தைச் சட்டம் போட்டுத் தடை செய்ய வேண்டும். எக்செல் உன் கண்ணாலா பார்க்கிறது?

"அந்த ரெண்டு ஷீட்லயும் இருக்கிற நாலஞ்சு வரிசைய அனுப்பு" என்றேன். "விலையெல்லாம் வெளிய போகக் கூடாதுண்ணே" என்றான். நானும் அதே கம்பெனியில்தான் சம்பளம் வாங்குகிறேன் என்பது அவனுக்கு நினைவில் இல்லை. சரி, விலையை மாற்றிக்கொள், எல்லாவற்றுக்கும் நூறு என்று போடு, எனக்கு வேண்டியது குறியீடுதான் என்றேன். தம்பி என்ன செய்தான் தெரியுமா? 1003, 1008, 1012 என்று சாட்டில் கையால் டைப் அடித்து அனுப்பினான்.

நான் அதை என் ஷீட்டில் அடித்து ஃபார்முலா போட்டேன். எனக்கு விலை வந்துவிட்டது!

வராமல் எப்படி இருக்கும்? கோளாறு அந்த எண்ணில் இல்லை, அந்த செல்லுக்குள் இருக்கிறது. திரும்ப டைப் அடித்த நொடியிலேயே கோளாறு காணாமல் போய்விட்டது. இனி நான் "எனக்கு வருதே" என்பேன், அவன் "எனக்கு வரலயே" என்பான், விடியும்வரை இரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாகப் பேசிக்கொண்டே இருக்கலாம். மாதிரி மதிப்பு என்றால் டைப் அடித்த மதிப்பு இல்லை ஐயா. அந்த செல்லையே காப்பி செய்து புது ஃபைலில் ஒட்டி அனுப்புவது. வேலை செய்கிற வரிசை ஒன்று, செய்யாத வரிசை ஒன்று. அது வந்தால் போதும், மீதி ஐம்பது வரிசையை உங்கள் லாக்கரில் வைத்துப் பூட்டிக்கொள்ளுங்கள்.

ஒருவழியாக ஃபைல் வந்தது. திறந்தால் நெடுவரிசை முழுவதும் நடுவில் அலைன் செய்து வைத்திருக்கிறான். அழகாக இருக்கிறதாம்! எக்செல்லில் எதுவும் செய்யாமல் விட்டால் எண் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். பார்த்ததுமே எது எண், எது எண் வேஷம் போட்ட எழுத்து என்று தெரிந்துவிடும். இலவசமாகக் கிடைக்கிற அந்த ஒரே தடயத்தையும் அலங்காரம் பண்ணி அழித்துவிட்டு, குற்றவாளியைக் கண்டுபிடி என்கிறான்.

பக்கத்துக் காலி செல்லில் இவற்றை ஒவ்வொன்றாகப் போட்டேன்:

```
=A7=Rate!A13
=LEN(Rate!A13)
=CODE(RIGHT(Rate!A13,1))
```

முதலாவது `FALSE` என்றது. அதாவது கண்ணால் பார்த்த இரண்டு 1012-ம் ஒன்றில்லை. இரண்டாவது 5 என்றது. நாலு இலக்க எண்ணுக்கு ஐந்தாவதாக எதுவோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது, அந்த ஒட்டுண்ணியின் எண்ணைச் சொன்னது: 160. சாதாரண இடைவெளி என்றால் 32 வந்திருக்கும், `TRIM` போட்டால் போய்விடும். 160 வேறு ஜாதி. வெப் பக்கங்களிலிருந்தும் மெயிலிலிருந்தும் காப்பி செய்யும்போது கூடவே வரும் இடைவெளி அது. `TRIM` அதைத் தொடாது. "இந்த 1012 எங்கிருந்து வந்துச்சு தம்பி?" "புது விலை மெயில்ல வந்துச்சுண்ணே, அப்படியே ஒட்டிட்டேன்." ஆமாம், அப்படியே.

அந்த இடைவெளி ஒட்டியிருக்கும்வரை எக்செல்லுக்கு அது எண் இல்லை, எழுத்து. ஃபார்மட்டைப் போய் நம்பர் என்று மாற்றினாலும் உள்ளே இருப்பது மாறாது. மேல்சட்டை மட்டும்தான் மாறும். Rate ஷீட்டிலேயே காலி நெடுவரிசை ஒன்றில் இப்படிப் போட்டு, வந்த விடையை மதிப்பாக மட்டும் பழைய இடத்தில் ஒட்ட வேண்டும்:

```
=VALUE(SUBSTITUTE(A13,CHAR(160),""))
```

வந்தது விலை. அடுத்தடுத்த இரண்டு செல், ஒரே `#N/A`, ஆனால் காரணம் வேறு வேறு. ஒன்று ரேஞ்சைப் பார்த்தால் மட்டும் தெரியும், இன்னொன்று மதிப்பைப் பார்த்தால் மட்டும் தெரியும். தம்பி முதலில் அனுப்பிய போட்டோவில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தன.

இதற்கு நடுவில் அக்கவுன்ட்ஸ் அறிவாளி ஒருவர் எட்டிப்பார்த்து, "அட, இஃப்எரர் போட்டு ஜீரோன்னு குடுத்துடுங்க, எரரே வராது" என்று போனார். வராது சார். பில்லில் பொருள் இருக்கும், விலை பூஜ்யம் என்று இருக்கும், வாடிக்கையாளர் நம் குலதெய்வத்துக்கே பொங்கல் வைப்பார். அவரேதான் போன மாதம் கடைசி `FALSE`-ஐ எதற்கு வீணாக என்று நீக்கியவர். அதை விட்டுவிட்டால் விலுக்கப் தோராயமாகத் தேட ஆரம்பித்துவிடும். வரிசைப்படுத்தாத பட்டியலில் அது எரர்கூடக் காட்டாமல் வேறு எதன் விலையையோ கொண்டு வந்து மரியாதையாகக் கொடுக்கும். அதைவிட `#N/A` எவ்வளவோ யோக்கியம். தெரியாததைத் தெரியாது என்றாவது சொல்கிறது, எங்கள் ஆபீசில் வேறு யார் சொல்கிறார்கள்?

"தேங்க்ஸ்ணே, சின்ன விஷயம்தான் போல" என்று தம்பியிடமிருந்து மெசேஜ் வந்தபோது மணி எட்டைத் தாண்டியிருந்தது. சிரிப்புதான் வந்தது, சத்தியமாக. சரி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று போனால் கேன் காலி. பக்கத்திலேயே நிறை கேன் ஒன்று, மூடிகூடப் பிரிக்காமல் நிற்கிறது. கடைசிச் சொட்டைப் பிடித்துக் குடித்தவன் எவனோ, அதைத் தூக்கி வைத்தால் அவன் கை என்ன கழன்றா விழும்? கொஞ்சம் சொல்லுங்கள், உங்கள் ஆபீசிலாவது அந்தக் கேனை மாற்றுகிற ஜென்மம் ஒன்று இருக்கிறதா?