"இன்னும் தெரியல" என்று சொன்னால் டைம்பாஸா?

அந்த ஸ்கிரீன்ஷாட்டை இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நான் இருக்கிற எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றிவிட்டது. டேட்டிங் ஆப் சாட்டில் ஒருவர் கேட்கிறார்: "என்ன எதிர்பார்க்குறீங்க?" எதிரில் இருக்கும் பெண் சொல்கிறார்: "உண்மையா சொல்லணும்னா இன்னும் தெரியல." அவ்வளவுதான் விஷயம். அதற்குக் கீழே சிரிப்பு ஸ்மைலிகள், "ரெட் ஃபிளாக்", "டைம்பாஸ் கேஸ்". ஓர் அண்ணன் மட்டும் கவலையோடு, "முப்பது வயசுல தெரியலன்னா எப்பத்தான் தெரியும்?" என்று எழுதியிருக்கிறார். அண்ணே, உங்களுக்கு எப்போது தெரிந்தது என்று அண்ணியிடம் கேட்டுப் பார்க்கட்டுமா?

தெரியவில்லை என்பதும் ஒரு பதில்தான். இதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்தப் பதிலில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. "தெரியல" என்று மட்டும் போட்டுவிட்டு நிறுத்தினால், மீதியை எதிரில் இருப்பவர் கற்பனை செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. சாட்டில் முகம் தெரியாது, குரல் கேட்காது. கற்பனை எப்போதும் கெட்டதற்குத்தான் போகும். ஆனால் உண்மையில் யாருக்கும் எல்லாமே தெரியாமல் இருப்பதில்லை. எனக்குக் கல்யாணத்துக்குத் தயாரா என்பது தெரியாது. ஒரு ராத்திரிப் பழக்கம் வேண்டாம் என்பது நன்றாகத் தெரியும். ஷிப்ட் வேலையில் வாரத்துக்கு ஒரு நாளுக்கு மேல் யாரையும் பார்க்க முடியாது என்பதும் தெரியும். அப்படித் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டால், தெரியாதது எது என்று அவருக்கே விளங்கிவிடும்.

சில மாதத்துக்கு முன்னால் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டார். நான் போட்ட பதில் இது:

"கல்யாணம் வரைக்கும் போகுமான்னு இப்ப என்னால சொல்ல முடியல. ஒரு நீண்ட உறவு முடிஞ்சு ரொம்ப நாள் ஆகல. சும்மா ஜாலிக்குன்னா நான் இல்ல, அது நிச்சயம். ஒரு தடவ நேர்ல காப்பி குடிச்சுப் பேசலாம். ரெண்டு மூணு தடவ பார்த்தப்புறம் இதே கேள்விய நானே எடுக்கிறேன். உங்களுக்குச் சீக்கிரம் முடிவு தெரியணும்னா இப்பவே சொல்லிடுங்க, தப்பா எடுத்துக்க மாட்டேன்."

கடைசி இரண்டு வரிதான் முக்கியம். தெரியாததைத் தெரியாமலே விட்டுவைக்க மாட்டேன், இன்ன நேரத்தில் திரும்ப வருவேன் என்று சொல்கிறது ஒன்று. மற்றது அவருக்குக் கதவைத் திறந்து விடுகிறது. அவர் திறந்த கதவு வழியாகவே போனார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அடுத்த வருஷத்துக்குள் முடிவு பண்ண வேண்டும், சொன்னதுக்கு நன்றி என்று எழுதினார். நானும் வாழ்த்துச் சொன்னேன். யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவில்லை, பாருங்கள்.

"அப்படியே மறைக்கிறவனும் தெரியலன்னுதானே சொல்வான்?" என்று கேட்பீர்கள். சொல்வான். ஆனால் கண்டுபிடிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை, சின்னக் கேள்வியாகக் கேட்டால் போதும். நிஜமாகவே தெரியாதவர் பெரிய கேள்விக்குத் தடுமாறுவார், சின்னக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூமலையில் நடக்கலாமா என்றால் சரி என்பார், முடியாவிட்டால் வேறு நாள் சொல்வார். மறைக்கிறவருக்கு அதுவும் "பார்க்கலாம்"தான். பகலில் பேச்சில்லை, நள்ளிரவு தாண்டினால் "தூங்கலையா?" வரும். இன்னொரு வகை, "நீங்க முதல்ல சொல்லுங்க" என்று திருப்பிக் கேட்டு, நாம் சொன்னதையே "எனக்கும் அதேதான்" என்று பிரதி எடுப்பவர்கள். பயப்பட வேண்டியது இவர்களுக்குத்தான், தெரியல என்பவர்களுக்கு இல்லை.

ஆப்காரர்களே இதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். டிண்டரில் "Still figuring it out" என்று இருக்கிறது, ஹிஞ்சில் "Figuring out my dating goals" என்று இருக்கிறது. புரொஃபைலில் நீண்ட கால உறவு என்று போட்டுவிட்டு, சாட்டில் வந்து தெரியல என்றால் எதிரில் இருப்பவர் கோபப்படுவது நியாயம், அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். சாட்டில் சொல்லப்போவதையே அங்கேயும் போடுங்கள்.

நம்ம சிங்கப்பூரில் இந்தக் கேள்வி ஏன் நாலாவது மெசேஜிலேயே வந்து நிற்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வீடு. கல்யாணத்துக்கு முன்பே இரண்டு பேராகச் சேர்ந்து, அரசாங்கத்தின் வீவக புதிதாகக் கட்டித் தரும் பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். கட்டி முடிக்க வருஷக்கணக்கில் ஆகும். ஆகவே இன்றே வரிசையில் நில் என்கிறார்கள். தனியாளாக வீவகவில் வாங்கவேண்டுமென்றால் 35 வயது ஆக வேண்டும். அதனால் "என்ன எதிர்பார்க்குறீங்க" என்பதற்குள் பாதி நேரம் "எப்போ விண்ணப்பம் போடலாம்" என்பதுதான் ஒளிந்திருக்கிறது. கேட்பவரைக் குறை சொல்லவில்லை. அவசரம் அவருடையது, சரி. அதற்காக என் வாயிலிருந்து ஒரு பொய்யான "ஆமாம்" வர வேண்டுமா?

ஏனென்றால் "ஆமாம்" கேட்டவள் நான். முன்பு ஒருவரிடம் முதல் நாள் சாட்டிலேயே கேட்டேன், முதல் நாளே பதில் வந்தது: "கல்யாணம்தாங்க. எனக்கு எல்லாம் தெளிவா இருக்கு." எவ்வளவு தெளிவு! என் அம்மா, சித்தி எல்லாரும் உருகிப் போனார்கள். சேர்ந்து விண்ணப்பித்தோம், நம்பர் வந்தது, நாலறை வீடு தேர்ந்தெடுத்தோம், ஆப்ஷன் கட்டணம் 2,000 வெள்ளி கட்டினோம். எந்த ஜன்னல் பக்கம் சோபா வைப்பது என்று வீட்டின் வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டியது அவர்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டிய சமயத்தில் அவருக்குத் தெளிவு போய்விட்டது. கட்டிய கட்டணம் திரும்ப வராது, ஒரு வருஷத்துக்கு வேறு வீட்டுக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. பணம் போகட்டும். சொந்தக்காரர்கள் யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டார்கள், "நீ என்னம்மா சொன்ன?"

அவரைப் பற்றி இதுவரை யாரும் ரெட் ஃபிளாக் என்று சொல்லவில்லை. தெளிவாகப் பேசினாராம். தெரியாது என்று நேராகச் சொன்ன பெண்தான் உங்களுக்குக் கேவலமாகப் போய்விட்டாள்.

"ஆம்பளை இதையே சொன்னா விடுவீங்களா?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். விடுவேன். நான் போட்ட மாதிரி முழுசாகப் போட்டால் காப்பிக்கு நானே காசு கொடுப்பேன். "வயசு நிக்காதும்மா" என்கிற அக்காக்களுக்கு: என் வயது எனக்குத் தெரியும், அடையாள அட்டையில் இருக்கிறது. "இவ்வளவு குழப்பம் இருந்தா ஆப் பக்கம் ஏன் வரணும்?" வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் தெரிந்துவிடுமா? பத்துப் பேரிடம் பேசித்தான் எது ஒத்துவரும், எது வராது என்று தெரியும். பெண் பார்க்கும் படலத்தில் ஒரு தட்டு கேசரியை வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் முடிவு செய்தவர்கள் என்னைக் குழப்பவாதி என்று சொல்வதுதான் சிரிப்பாக இருக்கிறது.

இதற்குக் கீழேயும் டைம்பாஸ் என்று எழுத வருகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். எனக்கு இன்று நைட் ஷிப்ட், காலை வரை பதில் போட மாட்டேன்.