மூன்று காப்பி வைத்தால் மட்டும் போதாது

செயற்கைக்கோள் சிப்பில் கதிர்வீச்சால் ஒரு பிட் மாறினாலும் தப்பிக்க அதை மூன்று காப்பியாக வைப்பது பற்றி நேற்று மாலை நடந்த வெபினாரைப் பார்த்தவர்களுக்கு எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று தெரியும். கேள்வி நேரத்தில் ஒரு மாணவி, "சார், ஒரு காப்பி மாறிப்போச்சுன்னா அப்புறம் அதை யார் சரி பண்ணுவாங்க?" என்று கேட்டார். பேச்சாளர் சிரித்தார். "அதுக்குத்தானேம்மா மூணு வெச்சிருக்கோம், மெஜாரிட்டி பார்த்துக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். கமென்ட்டில் நாலைந்து பேர் சிரிப்பு எமோஜி வேறு.

அந்தப் பெண் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. இந்த விஷயத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். அதற்குப் பதில் தெரியாமல் ரெஜிஸ்டருக்கு டி.எம்.ஆர்., அதாவது மூன்று காப்பியும் வாக்கெடுப்பும், போட்டுவிட்டோம் என்று யாரும் சொல்லக் கூடாது.

விண்வெளியில் வேகமாக வரும் ஒரு புரோட்டானோ கன அயனியோ சிலிக்கானில் பாயும்போது அந்த இடத்தில் கொஞ்சம் மின்னூட்டம் உண்டாகிறது. அது ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப்பின் முக்கியமான முனையில் போய்ச் சேர்ந்தால் 0 என்று இருந்தது 1 ஆகிவிடும். டிரான்சிஸ்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபடி எழுதினால் ஒழுங்காக வாங்கிக்கொள்ளும். தொலைந்தது அதில் இருந்த மதிப்பு மட்டும்தான். அதனால்தான் ஒவ்வொரு பிட்டையும் மூன்று ஃப்ளிப்-ஃப்ளாப்பில் வைத்து, இரண்டு பேர் சொல்வதை எடுத்துக்கொள்கிறோம். நேற்றைய ஸ்லைடில் இருந்ததும் இதுதான்:

```verilog
always @(posedge clk)
  if (we) begin
    a <= d;  b <= d;  c <= d;
  end
assign q = (a & b) | (b & c) | (a & c);
```

பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. இப்போது இதை ஒரு மோட் ரெஜிஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் பூட் ஆகும்போது ஒரு முறை எழுதுவார்கள், அதோடு சரி. எழுது என்று சொல்லும் `we` சிக்னல் மாதக்கணக்கில் மேலே போகவே போகாது. மூன்றாவது பிட் 0 என்று இருக்க வேண்டும். ஒரு நாள், துகள்கள் அதிகமாக அடிக்கும் தென் அட்லாண்டிக் முரண் பகுதியைக் கடக்கும்போது `a` என்ற காப்பியில் அந்த பிட் 1 ஆகிவிட்டது. `b`, `c` இரண்டும் 0 என்கின்றன, `q` சரியாகவே வருகிறது. யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் `a` அப்படியே கெட்டுப்போய்க் கிடக்கிறது. அதைத் திருத்த இந்தக் கோடில் ஒரு வரிகூட இல்லை. சில வாரம் கழித்து `b` காப்பியில் அதே பிட் அடி வாங்குகிறது. இப்போது `a` 1, `b` 1, `c` மட்டும் 0. சரியாக இருக்கும் ஒரே காப்பி தோற்றுவிட்டது. நீங்கள் கட்டிய மெஜாரிட்டியே தப்பான மதிப்பைத் தேர்ந்தெடுத்து வெளியே அனுப்புகிறது.

மூன்று காப்பி வைத்தால் மட்டும் போதாது. கெட்ட காப்பியைத் திருத்தி எழுத வேண்டும். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

கணக்கும் சுலபம்தான். ஒரு காப்பியின் ஒரு பிட், எழுதியதிலிருந்து இன்றுவரை மாறியிருக்க 0.01 வாய்ப்பு இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம். மூன்றில் இரண்டு கெட்டுப்போக வாய்ப்பு சுமார் 0.0003. அருமையான முன்னேற்றம்தான். ஆனால் திருத்தாமல் பத்து மடங்கு காலம் விட்டால் ஒரு காப்பியின் வாய்ப்பு 0.1 அளவுக்குப் போகும், இரண்டு கெடும் வாய்ப்போ 0.028. காலம் பத்து மடங்கு கூடினால் ஆபத்து கிட்டத்தட்ட நூறு மடங்கு கூடுகிறது. பாதுகாப்பு நாள்பட நாள்படக் கரைந்துகொண்டே போகிறது, அதுவும் சத்தமே இல்லாமல்.

திருத்துவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. புதிதாக எழுத எதுவும் இல்லாத நேரத்தில் வாக்கெடுப்பின் முடிவையே மூன்று காப்பிக்கும் திருப்பி எழுத வேண்டும்:

```verilog
always @(posedge clk) begin
  a <= we ? d : q;
  b <= we ? d : q;
  c <= we ? d : q;
end
```

50 மெகாஹெர்ட்ஸ் க்ளாக் என்றால் 20 நானோ விநாடிக்கு ஒரு முறை மூன்றும் சரிசெய்யப்படும். இனி இந்த பிட் தோற்க வேண்டுமானால் அந்த 20 நானோ விநாடிக்குள் அதன் மூன்று காப்பிகளில் இரண்டு அடி வாங்க வேண்டும். வாரங்களாக இருந்த இடைவெளி ஒரு க்ளாக் சைக்கிளாகச் சுருங்கிவிடுகிறது. ஒரே துகள் பக்கத்துப் பக்கத்து செல்கள் இரண்டைச் சேர்த்து அடிக்கும் ஆபத்து மட்டும் இருக்கிறது. அதற்குத்தான் மூன்று காப்பிகளையும் சிப்பில் தள்ளித் தள்ளி வைக்கச் சொல்கிறோம்.

இங்கேயும் ஒரு குழி இருக்கிறது. `q` என்ற ஒற்றை வோட்டரிலிருந்து மூன்றுக்கும் திருப்பி எழுதினால், அந்த வோட்டர் கேட்டிலேயே ஒரு துகள் பாய்ந்து கண நேரத் துடிப்பு ஒன்று வந்து, அது சரியாக க்ளாக் விளிம்பில் விழுந்தால் என்ன ஆகும்? மூன்று காப்பியும் ஒரே தப்பை ஒன்றாக வாங்கிக்கொள்ளும். மூன்றும் ஒத்துப்போவதால் பிழை என்று கண்டுபிடிக்கவும் வழி இல்லை. அதனால் வோட்டரும் மூன்று வேண்டும், `a`-க்கு ஒன்று, `b`-க்கு ஒன்று, `c`-க்கு ஒன்று. அப்போது துடிப்பு ஒரு காப்பியோடு நின்றுபோகும், அடுத்த சைக்கிளில் மற்ற இரண்டும் அதைத் திருத்திவிடும்.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. ஐரோப்பிய விண்வெளிப் பணிகளுக்காக உருவான லியோன் புராசஸரைப் பற்றி ஜிரி கைஸ்லர் 2002-லேயே எழுதிவிட்டார். அதில் ஃப்ளிப்-ஃப்ளாப்புகளுக்குக் க்ளாக் நிற்காமல் ஓடும், அதனால் எந்தப் பிழையும் ஒரு சைக்கிளில் துடைக்கப்படும். க்ளாக் மரமும் மூன்று, தனித்தனியாக. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் நாம் முதல் பாதியை மட்டும் ஸ்லைடில் போட்டுப் பாடம் நடத்துகிறோம், இரண்டாம் பாதியைக் கேட்கும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறேன். சாட்டர்ன் 5 ராக்கெட்டை வழிநடத்திய ஐ.பி.எம். கணினியிலும் இதே மூன்று காப்பி, இதே வாக்கெடுப்புதான். ஆனால் அங்கே பயந்தது பாகம் செத்துப்போவதற்கு. செத்த பாகத்தில் மறுபடி எழுதி என்ன பயன்? மறைத்தாலே போதும், ராக்கெட்டின் வேலையும் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். நம் ஆட்கள் அந்தப் படத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து, வருடக்கணக்கில் சுற்ற வேண்டிய செயற்கைக்கோளுக்குப் போடுகிறார்கள். இங்கே ஃப்ளிப்-ஃப்ளாப் சாகவில்லையே, திருத்தினால் பிழைத்துக்கொள்ளுமே!

முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இதைவிட மோசமாக ஒன்று நடந்தது. எட்டு பிட் ரெஜிஸ்டர், வெரிலாக்கில் மூன்று காப்பி. சிமுலேஷன் பாஸ். பாஸ் ஆகத்தானே செய்யும், சிமுலேஷனில் துகள் எதுவும் அடிக்காதே. சிந்தசிஸ் முடிந்த நெட்லிஸ்ட்டைத் திறந்து எண்ணினேன். 24 ஃப்ளிப்-ஃப்ளாப் இருக்க வேண்டிய இடத்தில் 8 இருந்தது. டூலின் மீது தப்பில்லை. மூன்றுக்கும் ஒரே உள்ளீடு, ஒரே க்ளாக், எப்போதும் ஒரே மதிப்பு. வீண் என்று நினைத்து ஒன்றாக்கிவிட்டது. ஒன்றாக்கியதும் வாக்கெடுப்பே தேவையில்லை என்று வோட்டரையும் தூக்கிவிட்டது. அந்த மூன்று ரெஜிஸ்டருக்கும் `(* DONT_TOUCH = "true" *)` என்று ஒரு வரி போட்டிருந்தால் முடிந்திருக்கும். (இது விவாடோவில். மற்ற டூல்களில் பெயர் வேறாக இருக்கும்.) நான் இதைச் சொன்னபோது மீட்டிங்கில் கிடைத்த பதில், "ஆர்.டி.எல். ரிவ்யூ முடிஞ்சாச்சு, இப்ப எதுக்குக் கிளறுறீங்க?" என்னைத் தாமதம் செய்பவன் என்று மின்னஞ்சலிலும் எழுதினார்கள். அது இன்னும் வலிக்கிறது, மறைக்க மாட்டேன்.

இப்போது வழக்கமான எதிர்ப்புகள் வரும், தெரியும். "சின்ன செயற்கைக்கோள்தானே, தினமும் ரீசெட் பண்ணிடுவோம்" என்பார்கள். சரி, இதில் நியாயம் இருக்கிறது. தினமும் மறுபடி எழுதினால் பிழை சேரும் காலம் ஒரு நாள்தான். ஆனால் அதை ஆவணத்தில் எழுதி வையுங்கள். நாளைக்கு யாரோ ஒருவர் ரீசெட் எதற்கு என்று எடுத்துவிடுவார், அவருக்கு எப்படித் தெரியும்?

"இடம் மூன்று மடங்கு ஆகுமே" என்பவர்களிடம் பொறுமை இல்லை. எல்லாவற்றையும் மூன்றாக்கு என்று யார் சொன்னது? பெரிய மெமரிக்கு 32 பிட்டுக்கு 7 சோதனை பிட் சேர்த்து, ஒரு பிழையைத் திருத்தி இரண்டைக் கண்டுபிடிக்கும் கோட் போதும். மூன்று காப்பி, தனித்தனியாக நிற்கும் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர்களுக்கு. எஸ்ரேம் வகை எஃப்.பி.ஜி.ஏ. என்றால் சர்க்யூட்டையே தீர்மானிக்கும் கட்டமைப்பு மெமரியும் மாறும், அதையும் தொடர்ந்து துடைக்க வேண்டும். அது தனிப் பதிவுக்கான விஷயம்.

"கத்துக்குட்டிகளை ஏன் பயமுறுத்துறீங்க?" என்று ஒருவர் ஏற்கெனவே இன்பாக்ஸில் கேட்டுவிட்டார். கேள்வி கேட்ட பிள்ளையைச் சபையில் வாயடைக்க வைத்தது நானா? பயந்து இனி அவர் கேட்காமல் விட்டால், பத்து வருடம் கழித்து ஏதோ ஒரு மீட்டிங்கில் அவரும் நெட்லிஸ்ட்டைத் திறக்காமல் கையெழுத்துப் போடுவார்.

கேட்டவருக்கு நேரடியாகவே சொல்கிறேன் அம்மா, இதை நீங்களே செய்து பாருங்கள். சிந்தசிஸுக்குப் பிறகான நெட்லிஸ்ட்டை க்வெஸ்டா சிமுலேட்டரில் ஓட்டுங்கள். முதலில் ஃப்ளிப்-ஃப்ளாப்பை எண்ணுங்கள். பிறகு `a`-வின் ஒரு பிட்டை மட்டும், அந்த ஃப்ளிப்-ஃப்ளாப் மாடலுக்குள் மதிப்பை வைத்திருக்கும் ரெஜிஸ்டரிலேயே `force -deposit` போட்டு மாற்றுங்கள். வெறும் `force` போட்டால் மதிப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும், திருந்துகிறதா என்று பார்க்க முடியாது. `q` மாறக் கூடாது. அதோடு நிறுத்தாமல் அடுத்த க்ளாக்கில் `a` தானாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். கடைசியாக, மின்சாரம் மிச்சம் பிடிக்க அந்த பிளாக்கின் க்ளாக்கை யாராவது கேட் பண்ணியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். க்ளாக் நின்றால் திருத்துவதும் நின்றுவிடும், தூங்கிக்கொண்டிருக்கும் பிளாக்கிலும் துகள் அடிக்கத்தான் செய்யும்.