டைம்டேபிள் சாருக்கு, படிப்பு நமக்கு

குரூப் 4 கோச்சிங்கில் சேர்ந்தவர்கள் முதல் வேலையாக அங்கே தரும் டைம்டேபிளைச் சுவரில் ஒட்டுகிறார்கள். நானும் ஒட்டியவன்தான். ஒரு வகுப்பு விடாமல் போனேன், ஒரு டெஸ்ட் விடாமல் எழுதினேன். எழுதிய தாளை மறுபடி எடுத்துப் பார்க்க மட்டும் நேரம் இருந்ததில்லை. அந்த அட்டவணை எந்த சார் எந்த நாள் வருகிறார் என்பதைப் பார்த்துப் போட்டது. நான் எப்போது படிப்பேன் என்ற கணக்கு அதில் கிடையாது.

இந்த வருசம் திருப்பூரில் இருக்கும் சித்தப்பா மகளும் அதே இடத்தில் வந்து நின்றாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை இரவு 7 முதல் 9 வரை ஆன்லைன் வகுப்பு, ஞாயிறு காலை டெஸ்ட். வாரத்தில் மூன்று நாள் ஒன்றரை ஷிப்ட் விழுந்துவிடும். விட்ட வகுப்புகளின் வீடியோவை ராத்திரி 11 மணிக்கு உட்கார்ந்து பார்ப்பாள். "பாத்துட்டே தூங்கிர்றேனுங்ணா, இன்னும் பதினாலு வீடியோ பாக்கி கெடக்குது" என்றாள்.

முதலில் கையில் இருக்கும் நேரத்தை எண்ணினோம். காலையில் 5 முதல் 6.30 வரை, ஆறு நாளைக்கு 9 மணி நேரம். ஞாயிறு மதியம் 3 மணி நேரம். வகுப்பு, டெஸ்ட் போக அவளுக்கென்று இருப்பது 12 மணி நேரம். விட்ட வீடியோவுக்கே வாரம் 6 மணி போனால் படிக்க மிச்சம் பாதிதான். பாக்கி குறையாததற்கு அவள் சோம்பல் காரணமில்லை, கணக்கே உதைக்கிறது.

அடுத்து அவள் கடைசியாக எழுதிய 200 கேள்வித் தாளை எடுத்தோம். சரியானவை 126. தப்பான 74-ஐயும் ஒவ்வொன்றாகப் பார்த்துக் காரணம் எழுதச் சொன்னேன். படிக்காத பகுதியில் 29. படித்தும் மறந்தது 22. கணக்கில் 14. கேள்வியைச் சரியாகப் படிக்காமல் விட்டது 9. இதற்கே மூன்று மணி நேரம் ஆனது. ஒரு முழு டெஸ்ட்டை எழுத மூன்று மணி நேரம் என்றால், அதை அலச இன்னொரு மூன்று மணி நேரம் வேண்டும். அதனால்தான் ஞாயிறு மதியத்தை முதலில் அதற்கென்று எடுத்து வைத்தோம். ஒரு டெஸ்ட் சீரிஸ் போதாதென்று இன்னொரு இடத்திலும் பணம் கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அலசாத தாள் எத்தனை எழுதினாலும் அதே 22 திரும்ப வரும்.

பிறகு வகுப்புகள். கணக்கு செவ்வாய், வரலாறு வியாழன். இந்த இரண்டும் நேரலையில் கேட்டால்தான் அவளுக்குப் புரிகிறது. சூப்பர்வைசரிடம் பேசி அந்த இரண்டு நாள் மட்டும் ஒரு ஷிப்ட் வாங்கிக்கொண்டாள். திங்களும் புதனும் தமிழ், வெள்ளி நடப்பு நிகழ்வு. தமிழுக்குப் பள்ளிப் புத்தகமே போதும், நடப்பு நிகழ்வுக்கு அவர்கள் தரும் தாள் இருக்கிறது. ஆக அந்தப் பதினாலு வீடியோவில் கணக்கு இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டாள். விடுவதற்குத்தான் ரொம்பத் தயங்கினாள். பணம் கட்டியிருக்கிறதே என்ற எண்ணம்.

காலையில் முதல் அரை மணி ஐந்து கணக்கு: சதவீதம், தனிவட்டி, நேரமும் வேலையும் என்று. மீதி ஒரு மணி நேரம் டெஸ்ட்டுக்கான பகுதி. சனிக்கிழமை போக வாரம் ஐந்து மணி நேரத்தில் அவர்கள் கொடுக்கும் பகுதி முடியாது. அதனால் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் முழு டெஸ்ட். இடையில் வரும் வாரத் தாளை வாங்கி வந்து தமிழ் 100 கேள்வியை மட்டும் எழுதுகிறாள். தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள், அதில் கை வைக்க முடியாது. தேர்வுக்குக் கடைசி ஐந்து வாரம் இந்தச் சலுகை கிடையாது. எல்லா முழுத் தாளையும் தேர்வு நேரமான காலை 9.30-க்கே உட்கார்ந்து எழுத வேண்டும்.

மார்க்கை விட நான் பார்ப்பது அந்த 'படித்தும் மறந்தது' எண்ணிக்கையைத்தான். இரண்டு டெஸ்ட் தொடர்ந்து ஏறினால் புதுப் பாடத்தை ஒரு வாரம் நிறுத்திவிட்டுப் பழையதைத் திருப்ப வேண்டும். 'படிக்காதது' ஏறினால் பயப்பட வேண்டியதில்லை, பகுதியைப் பாதியாகப் பிரித்தால் அது வரத்தான் செய்யும்.

சனிக்கிழமை காலையை வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறோம். சித்தி அதைப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, அன்னிக்கு மட்டும் படிக்க வேண்டாமா?" என்று கேட்டார். போன வாரம் ஷிப்மெண்ட் அவசரமென்று செவ்வாய்க்கிழமையும் ஒன்றரை ஷிப்ட் போட்டுவிட்டார்கள். விட்ட கணக்கு வகுப்பைச் சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு, தூங்கி எழுந்த தெளிவோடு உட்கார்ந்து பார்த்தாள்.