'நெக்லஸ்' கதையை நடத்தும்போது கேள்வியை எங்கே நிறுத்திக் கேட்பது?

மாப்பசானின் 'நெக்லஸ்' (1884) வகுப்புகளில் அடிக்கடி வரும் கதை. கடைசி வரி வரை வாசித்துவிட்டு, "இதிலிருந்து என்ன ஊகிக்கிறீர்கள்?" என்று கேட்பதுதான் பலரின் வழக்கம். அதில் ஊகத்திறன் வளராது. கதையின் நாயகி மத்தில்த், தோழியிடம் இரவல் வாங்கிய நெக்லஸைத் தொலைத்துவிட்டு, கடன்பட்டு வேறொன்றை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறாள். அந்தக் கடனைப் பத்து வருடம் அடைத்தது ஒரு போலி நெக்லஸுக்காக என்பது தெரிந்த பிறகு ஊகிக்க என்ன மிச்சம்? மாணவர் நினைவிலிருந்து பதில் சொல்வார், அவ்வளவுதான்.

நிறுத்த வேண்டிய இடம் நடுவில் இருக்கிறது. நெக்லஸ் தொலைந்ததும் கணவனும் மனைவியும் வெறும் பெட்டியை எடுத்துக்கொண்டு, அதில் பெயர் போட்டிருக்கும் நகைக்கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நெக்லஸை நான் விற்கவில்லை, பெட்டி மட்டும்தான் என்னுடையது என்கிறார். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு இப்படிக் கேளுங்கள்: "பெட்டி ஒரு கடை, நகை வேறு இடம் என்றால் என்னென்ன காரணம் இருக்கலாம்? உங்கள் காரணத்துக்கு இதுவரை வாசித்ததில் எந்த வரி துணை நிற்கிறது?"

பரிசாக வந்திருக்கலாம், வேறு பெட்டியில் மாற்றி வைத்திருக்கலாம், மலிவு நகையாக இருக்கலாம். மூன்றுமே இந்தக் கட்டத்தில் ஏற்கத்தக்க பதில்கள். மூன்றாவதைச் சொன்னவருக்கு மட்டும் 'சரி' போட்டால் மற்றவர்கள் ஆசிரியரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லப் பழகிவிடுவார்கள். தோழி ஃபொரஸ்தியே யோசிக்காமல் உடனே கொடுத்த வரியை யாராவது எடுத்துக் காட்டினால் மலிவு நகை என்ற ஊகம் வலுக்கும். "ஏமாற்றத்தான் கொடுத்தாள்" என்று ஒருவர் சொன்னால் வரியைக் காட்டச் சொல்லுங்கள், கிடைக்காது. ஊகத்துக்கும் வெறும் கற்பனைக்கும் உள்ள வேறுபாட்டை அங்கேயே காட்டிவிடலாம்.

அடுத்து, நகையைத் திருப்பிக் கொடுக்கும் இடம். "சீக்கிரம் தந்திருக்க வேண்டும், எனக்குத் தேவைப்பட்டிருக்கலாம்" என்று தோழி சற்றுக் கடுப்பாகச் சொல்கிறாள். ஆனால் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. முதல் செய்கை விலை உயர்ந்த நகை என்ற பக்கம் இழுக்கிறது, இரண்டாவது எதிர்ப்பக்கம். "எதற்கு அதிக எடை தருவீர்கள், ஏன்?" என்று கேட்டால் நல்ல சண்டையே நடக்கும்.

தொனிதான் கடினம். "கதையின் தொனி என்ன?" என்றால் வகுப்பு முழுக்க "சோகம்" என்று முடித்துவிடும். அது வாசகருக்கு வரும் உணர்வு. தொனி என்பது சொல்பவர் எடுக்கும் நிலை. அதனால் ஒரே ஒரு வாக்கியத்தைக் கொடுங்கள். விதி செய்த தவறுபோல அவள் குமாஸ்தா குடும்பத்தில் பிறந்தாள் என்கிறது தொடக்கம். தவறு என்பது யாருடைய தீர்ப்பு? கதைசொல்லியுடையதா, அவள் மனதில் ஓடுவதா? வாக்கியத்தின் முடிவில் "என்று அவள் எண்ணினாள்" சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு "விதி செய்த தவறுபோல" என்பதை நீக்கி வாசிக்கச் சொல்லுங்கள். சேர்த்தபோதும் நீக்கியபோதும் பரிவு, கிண்டல் இரண்டில் எது கூடியது, எது குறைந்தது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். ஒரு வகுப்பில் ஒரு வாக்கியம் போதும்.

கடைசி வரிக்குப் பின் மத்தில்த் என்ன சொல்லியிருப்பாள் என்ற கேள்வி எல்லோருக்கும் பிடிக்கும். கதை அவள் பதிலைத் தராமலே முடிவதால் எந்தப் பதிலையும் வரி கொண்டு சோதிப்பது கஷ்டம். அதைக் கதை எழுதும் பயிற்சியில் வைத்துக்கொள்ளுங்கள்; ஊகத்துக்கு அதில் மதிப்பெண் வேண்டாம்.